சனிக்கிழமை லைவ் ஏன் திக்கியது?

மக்களே, வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. சனிக்கிழமை ராத்திரி லாரி ஓட்டும் கேமை லைவில் ஆடியபோது, சாட்டில் படம் நின்று நின்று வருகிறது என்று சொன்னவர்களிடம், "உங்க நெட்ட ஒரு தடவ பாருங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். உங்கள் நெட்டில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு முழுக்க என் வீட்டில்.

"அண்ணா, வண்டி நிக்குது, வாய் மட்டும் ஓடுது" என்று ஒருவர் போட்டிருந்தார். அப்போது சிரித்துவிட்டுப் போய்விட்டேன், ஆனால் துப்பு அதில்தான் இருந்தது. நெட் திணறும்போது, லைவை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ் படத்தின் ஃபிரேம்களைத்தான் தூக்கிப் போடும், குரலை விட்டுவிடும். அந்த ஃபிரேம்கள் சர்வருக்கே போய்ச் சேரவில்லை. அதனால் நீங்கள் ரெஃப்ரெஷ் செய்தாலும், குவாலிட்டியை 480-க்கு இறக்கினாலும் பயன் இருந்திருக்காது. சேனலில் இருக்கும் ரெக்கார்டிங்கிலும் அதே இடங்களில் படம் நிற்கிறது, நானே உட்கார்ந்து பார்த்தேன்.

நான் செய்த கூத்து வேறு. கம்ப்யூட்டர்தான் திணறுகிறது என்று நினைத்து, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கேமின் கிராஃபிக்ஸைக் குறைத்தேன். அப்புறம் ஹானோவர் தாண்டியதும் லைவை நிறுத்தி, என்கோடரை மாற்றி, திரும்பத் தொடங்கினேன். லைவ் இரண்டு துண்டானதுதான் மிச்சம். மறுநாள் காலையில் முதல் துண்டுக்கு ஓபிஎஸ் எழுதிவைத்த லாகைத் திறந்தால் பதில் அங்கேயே இருந்தது:

```
Number of dropped frames due to insufficient bandwidth/connection stalls: 49104 (12.4%)
number of skipped frames due to encoding lag: 31/396000 (0.0%)
```

இரண்டாவது வரி கம்ப்யூட்டரைப் பற்றியது, அதில் குறையே இல்லை. முதல் வரி நெட். எட்டு ஃபிரேமுக்கு ஒன்று வழியிலேயே போயிருக்கிறது.

ஆனால் ஸ்பீடு டெஸ்டில் அப்லோடு 38 எம்பிபிஎஸ் காட்டியதே, நான் அனுப்புவது 9 தானே? அங்கேதான் ஏமாந்தேன். ஸ்பீடு டெஸ்ட் சில விநாடிகள் ஓடி முடிந்துவிடும். லைவுக்கு அந்த வேகம் இரண்டு மணி நேரமும் விடாமல் இருக்க வேண்டும். ரவுட்டர் கீழே ஹாலில், நான் மாடியில், நடுவில் ஒரு கான்கிரீட் தளம், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. தெருவில் இருக்கிற எல்லா வீட்டு வைஃபையும் மோதிக்கொள்ளும் இடம் அது.

போதாததற்கு எங்கள் அக்கா. குழந்தையின் காதுகுத்து முடிந்து 8:40-க்கு வந்து இறங்கினாள். போன் வைஃபையைப் பிடித்ததும் அன்று எடுத்த போட்டோ, வீடியோ மொத்தமும் பேக்கப் ஆகத் தொடங்கியிருக்கிறது. ரெக்கார்டிங்கில் படம் முதலில் நிற்பது 8:43-க்கு. (அக்கா இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

பழியை அக்கா தலையில் போட்டுவிட்டு விட்டுவிடவில்லை. செவ்வாய்க்கிழமை அன்லிஸ்டெடில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அக்கா போன் அணைந்திருந்தபோதும் வைஃபையில் 1.8% ஃபிரேம் போனது. கேபிளுக்கு மாறி, அவள் போனில் பேக்கப்பையும் வேண்டுமென்றே ஓடவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன். பூஜ்யம்.

ஆகவே மாற்றியது முதலில் அதுதான். 25 மீட்டர் கேட்-6 கேபிள் வாங்கி, ஹாலிலிருந்து மாடிப்படி ஜன்னல் வழியாக மேலே இழுத்து, கிளிப் அடித்துவிட்டேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

நான் அனுப்பும் வேகத்தை, அதாவது பிட்ரேட்டை, 9000 கேபிபிஎஸ்-லிருந்து 6000-க்கு இறக்கியிருக்கிறேன். அதற்குத் தகுந்தாற்போல் 1080p60 இனி 1080p30. உங்களில் சிலருக்கு இது பிடிக்காது, தெரியும். 720p60-ஐயும் பார்த்தேன், சைன்போர்டு எழுத்து மங்கிவிடுகிறது. லாரி ஓட்டுகிற சேனலுக்கு 30 போதும் என்பது என் முடிவு. சண்டை கேம் ஆடும் நாளில் 720p60-க்கு மாறிக்கொள்கிறேன்.

கூடவே ஓபிஎஸ் செட்டிங்ஸில் `Dynamically change bitrate to manage congestion` என்பதையும் டிக் செய்துவிட்டேன். நெட் தடுமாறினால் படம் நிற்பதற்குப் பதில் கொஞ்ச நேரம் மங்கலாகும். `Stats` ஜன்னலும் இனி இரண்டாவது மானிட்டரில் திறந்தே இருக்கும்.

கரண்ட் போனால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருக்கிறது, கம்ப்யூட்டர் இல்லை.

இனிமேல் படம் நின்று குரல் மட்டும் ஓடினால் உடனே சாட்டில் "ஃபிரேம்" என்று போடுங்கள், நான் பார்க்கிறேன். வட்டம் சுற்றி குரலும் சேர்ந்து நின்றால் மட்டும் உங்கள் பக்கம் ஒரு தடவை பாருங்கள்.

வரும் சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து பெர்லினுக்கு அதே லோடை முதலிலிருந்து ஓட்டுகிறேன். அக்காவும் அன்றைக்கு இங்கேதான் இருக்கிறாள்.