அம்மாவுக்கு அழைப்புக் கடிதம்: பி-2 சுற்றுலா விசாவுக்காக

நேப்பர்வில், இல்லினாய்ஸ்
8 மார்ச் 2026

பெறுநர்:
திருமதி சாந்தி கணேசன்,
கும்பகோணம், தஞ்சாவூர் மாவட்டம்

பொருள்: 2026 ஜூன் 2 முதல் ஆகஸ்ட் 25 வரை எங்கள் வீட்டுக்கு வந்து தங்க அழைப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

மகிழினிக்கு ஜூன் 20, சனிக்கிழமை, ஒரு வயது நிறைகிறது. அதற்கு நீங்கள் இங்கே இருக்க வேண்டும் என்று நானும் அருணும் ஆசைப்படுகிறோம். அவள் பிறந்தபோது தம்பியின் கல்யாண வேலையில் உங்களால் வர முடியவில்லை. இதுவரை அவளை போனில்தான் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் குரல் கேட்டதும் தவழ்ந்து வந்து போனைத் தட்டுகிறாள். பாட்டி மடியில் உட்கார்ந்து அவள் பிறந்தநாள் நடக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த அழைப்பு.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போகும்போது இந்தக் கடிதத்தையும் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்கு அழைப்புக் கடிதம் கட்டாயம் கிடையாது. அதிகாரி இதைக் கேட்காமலும் போகலாம். அவர் முக்கியமாகப் பார்ப்பது நீங்கள் எதற்காக வருகிறீர்கள், திரும்பிப் போக ஊரில் என்ன இருக்கிறது என்பதைத்தான். கேட்டால் காட்டவும், டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவத்தில் நாம் எழுதியதும் நீங்கள் சொல்லப்போவதும் ஒன்றாக இருக்கவும், எல்லாவற்றையும் இதில் எழுதிவிடுகிறேன்.

நான் இங்கே எச்-1பி விசாவில் மென்பொருள் சோதனைப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். ஆண்டுச் சம்பளம் 1,08,000 டாலர். அருணும் எச்-1பி விசாவில்தான் வேலையில் இருக்கிறார். இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீடு, அதில் ஓர் அறை உங்களுக்கு. வந்ததிலிருந்து கிளம்பும் வரை எங்களுடன்தான் தங்குவீர்கள். போக வர விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, இங்கே ஆகும் சாப்பாடு, பயணச் செலவு முழுக்க நானும் அருணும் ஏற்கிறோம். விசா கட்டணத்தை மட்டும் உங்கள் பென்ஷன் பணத்திலிருந்து கட்டுவேன் என்று பிடிவாதமாகச் சொன்னீர்கள், சரி. "செலவு யாருடையது" என்று கேட்டால் மகளும் மருமகனும் என்று சொல்லுங்கள். டிஎஸ்-160 படிவத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் உங்களைக் கூப்பிடவில்லை. மகிழினி பகல் முழுவதும் டேகேரில் இருக்கிறாள். நீங்கள் வந்த பிறகும் அது தொடரும், மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டுதான் இருப்போம். பேத்தியைக் கொஞ்சுவீர்கள், தாலாட்டுவீர்கள், ரசம் சாதம் பிசைந்து ஊட்டுவீர்கள். அது பாட்டியின் சந்தோஷம். ஆனால் அவளை வளர்க்கும் பொறுப்பைத் தூக்கி உங்களிடம் கொடுக்க மாட்டோம். ஊரில் பக்கத்து வீட்டார் "பிள்ளை பார்க்கப் போறீங்களா" என்று கேட்பது வேறு. நேர்காணலில் "மகள் வீட்டுக்குப் போகிறேன், பேத்தியின் முதல் பிறந்தநாள், மூன்று மாதம் இருந்துவிட்டு வருவேன்" என்று உள்ளதை உள்ளபடியே சொன்னால் போதும். தமிழிலேயே பேசலாம் என்பதால் ஆங்கிலத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

பிறந்தநாள் அன்று காலையில் அரோராவில் உள்ள பாலாஜி கோயிலுக்குப் போகிறோம். மாலையில் வீட்டில் சின்னதாகக் கொண்டாட்டம். ஜூலையில் அருணுக்கு ஒரு வாரம் விடுமுறை இருக்கிறது, காரிலேயே நயாகரா போய் வரலாம். அப்புறம், சிகாகோவில் உங்களுக்கு ஓர் இடத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசிய கட்டடம், மிச்சிகன் அவென்யூவில் இப்போது கலை அருங்காட்சியகமாக இருக்கிறது. எத்தனையோ வருஷம் வகுப்பில் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னவர் நீங்கள், அந்த வாசற்படியில் உங்களை நிறுத்தி ஒரு போட்டோ எடுக்காமல் அனுப்ப மாட்டேன்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்க்கிழமை, நீங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். இந்தத் தேதி நாம் சேர்ந்து யோசித்து முடிவு செய்தது. அப்பா பாத்திரக் கடையை விட்டு நகர முடியாது என்பதால் நீங்கள் மட்டும் வருகிறீர்கள், அவரை மூன்று மாதத்துக்கு மேல் தனியாக விட உங்களுக்கும் மனமில்லை. தம்பியும் அவன் மனைவியும் அதே வீட்டில் இருந்தாலும், அப்பாவின் மாத்திரையும் காலைக் காபியும் உங்கள் கையில்தான். செப்டம்பரில் கருவூலத்தில் பென்ஷன் நேர்காணல் இருக்கிறது. உங்கள் பெயரில் உள்ள வீட்டின் வரி ரசீது, பென்ஷன் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றையும் தனிக் கவரில் வையுங்கள். இவை எல்லாவற்றையும்விட நான் எழுதும் எதுவும் பெரிய சான்று இல்லை. டிசம்பரில் நாங்கள் மூவரும் ஊருக்கு வருகிறோம். மகிழினிக்குக் காது குத்துவது நம் குலதெய்வம் கோயிலில்தான், அந்த ஏற்பாடுகளைச் செய்யவும் நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும்.

விசா பத்து வருஷத்துக்குக் கிடைத்தாலும், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை இங்கே விமான நிலையத்தில்தான் தீர்மானிப்பார்கள். பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள். அப்படித் தந்தாலும் நம் திட்டம் மாறாது. அருணின் அம்மா போன வருஷம் இதே விசாவில் வந்து, கொடுத்த கெடு முடிவதற்கு முன்பே திரும்பிப் போனார். நீங்களும் அப்படியே நேரத்துக்குக் கிளம்ப நான் பொறுப்பு.

உடம்பு விஷயம். இங்கே மருத்துவச் செலவு மிக அதிகம். அதனால் பயண நாள் முழுவதற்கும் பார்வையாளர் காப்பீடு எடுக்கிறேன். உங்களுக்கு ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷர் சிகிச்சைக்கு அந்தக் காப்பீடு பெரும்பாலும் பயன்படாது. மூன்று மாதத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகவும் மாத்திரைகளை அதன் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் எடுத்து வாருங்கள். விசா கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட் போடுவேன். வழியில் ஒரே இடத்தில் மாறுகிற விமானமாகப் பார்த்து, சக்கர நாற்காலி உதவியும் கேட்டு வைக்கிறேன். ஓஹேர் விமான நிலைய வாசலில் நாங்கள் மூவரும் நிற்போம்.

இந்தக் கடிதத்துடன் என் பாஸ்போர்ட், விசா, ஐ-797 ஒப்புதல் நகல்கள், நிறுவனம் கொடுத்த பணிச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, 2025-க்கான டபிள்யூ-2 ஆண்டுச் சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், வாடகை ஒப்பந்தம், மகிழினியின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை அனுப்பியிருக்கிறேன். நான் உங்கள் மகள் என்பதற்கு என் பிறப்புச் சான்றிதழ் வீட்டு பீரோவில் இருக்கிறது, அதை எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எழுதியவை எல்லாம் உண்மை என்று உறுதி கூறுகிறேன். அதிகாரி மேலும் ஏதாவது கேட்டால் எழுத்திலோ தொலைபேசியிலோ பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
ரேவதி அருண்