செய்தி வாசிப்புக் குரல் தேர்வு: தேர்வு எண் 17-க்கான மதிப்பீடு

வணக்கம். மதுரை நிலையத்தில் நீங்கள் வாசித்த வைகை அணைச் செய்தி, மேலூர் விபத்து, சித்திரைத் திருவிழா மூன்றையும் இரண்டு முறை போட்டுக் கேட்டோம். இரண்டாம் சுற்றுக்கு உங்களை அழைக்கிறோம். அதற்குள் சரிசெய்ய வேண்டியவை இவை.

குரல் நன்றாக இருக்கிறது. கனம் உண்டு, கரகரப்பு இல்லை. குறை வாக்கியத்தின் கடைசியில். தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. ஆமா, இல்லையா என்பதே அங்கேதான் தெரியும். 'கரையோர மக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம்' என்ற வரியில் 'வேண்டாம்' பாதியோடு மூச்சில் கரைந்துவிட்டது. வெள்ள எச்சரிக்கையில் இது சின்னப் பிழை அல்ல. காரணம், வாக்கியத்தின் நடுவிலேயே மூச்சைச் செலவழித்துவிடுகிறீர்கள். 'தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்' என்ற பட்டியல் முடிந்ததும் கால் மூச்சு எடுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். 'ப' வரும்போதெல்லாம் கேட்ட அந்த 'புஸ்' போய்விடும்.

வேகம் அதிகம். இரண்டு நிமிடத்துக்கான தாளை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள். அதைவிடச் சிக்கல், நிறுத்தும் இடம். 'விபத்தில் காயமடைந்த ஐந்து பேரின் குடும்பத்தினர்' என்பதை 'காயமடைந்த' என்றதும் நிறுத்தி வாசித்ததால், குடும்பத்தினரே காயமடைந்ததுபோல் ஆனது. 'ஐந்து பேரின்' வரை ஒரே மூச்சு. வாசிக்கும் முன் தாளில் பென்சிலால் சிறு நிறுத்தத்துக்கு ஒரு கோடு, வாக்கிய முடிவுக்கு இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பில் 'ழ' நிதானமாக வாசிக்கும்போது சரியாக வருகிறது, வேகத்தில் நழுவுகிறது. 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' உங்களிடம் 'காத்தளுத்தத் தாள்வு' ஆனது. 'வெள்ள அபாயம்' ஓரிடத்தில் 'வெல்ல அபாயம்' ஆகிவிட்டது (கரும்பாலைக்காரர்கள் பதறியிருப்பார்கள்). நாக்கு நுனியை மேலே எங்கும் படாமல் உள்ளே வளைத்து 'ழ' சொல்லிப் பழகுங்கள்; பட்டால் 'ள' ஆகிவிடும். எண்களில் பேச்சு வழக்கு எட்டிப்பார்க்கிறது: 1,250 கனஅடி என்பது 'ஆயிரத்து இருநூற்று ஐம்பது', 'ஆயிரத்தி எரநூத்தி அம்பது' அல்ல. 68.5 அடியை 'அறுபத்து எட்டு புள்ளி ஐந்து' என்று சரியாகவே வாசித்தீர்கள்.

பாவனை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் செய்தியில் உங்கள் குரலில் இருந்த மலர்ச்சி இயல்பானது. விபத்துச் செய்தியிலோ ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ராகத்தில் மேலே ஏறி முடிந்தது. சோகத்தைக் குரலில் வரவழைக்க வேண்டாம். ராகத்தை விட்டாலே போதும். ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு விநாடி விடுங்கள்.

தினமும் நாளிதழின் ஒரு பத்தியை கைப்பேசியில் பதிவுசெய்து, வாக்கிய முடிவுகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் தாளை ஐந்து நிமிடம் முன்புதான் தருவோம், பென்சில் கொண்டுவாருங்கள்.