ரேவதி மேடம் சொல்லி எழுதுகிறேன்: உங்கள் கிடங்கின் ஸ்டாக் விஷயமாக

வணக்கம் செந்தில்குமார் சார்,

என் பெயர் மாலதி. உதிரிபாகம், ஹார்டுவேர் என்று ஏகப்பட்ட அயிட்டங்களை வைத்து விற்கும் நிறுவனங்களுக்கு ஸ்டாக் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். உங்கள் முகவரியைத் தந்தது ரேவதி மேடம். அவர்கள் கிடங்கில் போன வருஷம் வேலை செய்தேன். உங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள்.

"ரேக் முழுக்க சரக்கு நிற்கிறது, ஆனால் கஸ்டமர் கேட்கிற பொருள் மட்டும் இருப்பதில்லை" என்று நீங்கள் அலுத்துக்கொண்டதாக அவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் உங்கள் கிடங்கைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் இந்த இரண்டும் சேர்ந்தே வரும்போது நான் முதலில் பார்ப்பது ரீஆர்டர் அளவைத்தான். சாஃப்ட்வேர் போட்ட அன்று யாரோ ஒருவர் நிரப்பிய எண், அப்புறம் யாரும் தொடாமல் அப்படியே கிடக்கும்.

உதாரணத்துக்கு, ஒரு பேரிங் நாளைக்கு 6 போகிறது, ஆர்டர் போட்டால் வர 10 நாள் என்று வையுங்கள். அதற்கே 60 வேண்டும். கைக்காவலுக்கு 20 சேர்த்து 80 இருக்கும்போது ஆர்டர் போட்டால் சரி. சப்ளையர் இப்போது 18 நாள் எடுக்கிறார் என்றால், அதே 80 பதினாலாவது நாளே தீர்ந்துவிடும். விற்பனை படுத்துவிட்ட பொருளில் இது தலைகீழ்: சிஸ்டம் சொல்கிறதே என்று வாங்கிக் குவித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் செய்வது இதுதான்: எந்தப் பொருளில் பணம் முடங்கியிருக்கிறது என்று பிரித்து, ஓடும் பொருட்களுக்கு அளவுகளைத் திரும்பப் போட்டு, உங்கள் ஸ்டோர் ஆட்களே மாதாமாதம் சரிபார்க்கப் பழக்கிவிடுவேன். சிஸ்டத்தில் உள்ள எண்ணும் ரேக்கில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எண்ணிக்கையில்தான் தொடங்க வேண்டும். அந்த வேலைதான் எல்லோருக்கும் சலிப்பு, ஆனால் அதைத் தாண்டிப் போக வழியில்லை. சாஃப்ட்வேர் எதுவும் விற்பதில்லை. இருப்பதை வைத்தே பார்ப்பேன்.

ரேவதி மேடம் கிடங்கில் என்ன மாறியது என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் கணக்கை நான் வெளியில் சொல்வது முறையில்லை, உங்களுடையதையும் அப்படித்தான் வைத்திருப்பேன். இந்தப் பரிந்துரைக்காக அவர்களுக்கு என்னிடமிருந்து கமிஷன் எதுவும் கிடையாது. அதையும் சொல்லிவிடுவது நல்லது.

முதலில் அரை மணி நேரம் போனில் பேசலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் நீங்கள் எந்த ரிப்போர்ட்டும் அனுப்ப வேண்டாம். அடிக்கடி தீர்ந்துபோகிற ஐந்து பொருட்களின் பெயர் மட்டும் கையில் இருக்கட்டும். பேசிய பிறகு, என்னால் உதவ முடியும் என்று தோன்றினால் வேலை விவரம், காலம், கட்டணம் மூன்றையும் எழுதி அனுப்புகிறேன். முடியாது என்று தோன்றினால் அதையும் அப்போதே சொல்லிவிடுவேன்.

புதன் அல்லது வியாழன் மாலை 4 மணிக்கு மேல் உங்களுக்குத் தோதுப்படுமா? இல்லையென்றால் வசதியான நேரத்தை இதே மெயிலில் சொல்லுங்கள், நான் கூப்பிடுகிறேன்.

நன்றி,
மாலதி
ஸ்டாக் மேலாண்மை ஆலோசகர்