உங்கள் தவணை உதவி பற்றி ஒரு சிறு நினைவூட்டல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வீட்டில் எல்லாரும் சுகம்தானே?

கடந்த ஜனவரியில், தோட்டப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்காக 60,000 ரூபாவை மாதம் 5,000 வீதம் 12 தவணைகளில் தருவதாகச் சொன்னீர்கள். மே வரை ஐந்து தவணைகள் ஒழுங்காக வந்தன, மிக்க நன்றி. அந்தப் பணத்தில்தான் பொகவந்தலாவைப் பக்கம் 14 பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு தொடங்கினோம். மழையில், இருட்டில் அவர்களை மலையேற விட மனமில்லாமல் ஆசிரியரே லயத்துக்கு வருகிறார். அவருடைய பஸ் செலவும் கொடுப்பனவும் இதிலிருந்துதான். சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளைகள் ஒரு நாளும் தவறுவதில்லை.

ஜூன் முதல் பணம் வந்ததாக எங்கள் பதிவில் இல்லை. நீங்கள் அனுப்பியிருந்தால் வங்கிப் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்புங்கள், சரிபார்க்கிறோம். கை இறுக்கமாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். மீதி 35,000 ரூபாவை 2,000 வீதம் தந்தாலும் சரி, சில மாதம் கழித்துத் தந்தாலும் சரி. இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் எங்களுக்கு மனவருத்தம் இல்லை. ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதனால்தான் கேட்கிறோம்.

இந்தப் பக்கம் வந்தால் ஒரு மாலை வகுப்பைப் பார்க்க வாருங்கள். பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள்.

அன்புடன்,
செயலாளர்,
கல்வி உதவிக் குழு, ஹட்டன்