மாவட்டத்தில் முதலிடம் பெற்ற எங்கள் பிள்ளைக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் உன் சுட்டெண்ணை அடித்துப் பார்த்தேன். மூன்று பாடத்திலும் ஏ! மாவட்ட நிலை 1 என்பதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கண் கலங்கிவிட்டது பிள்ளை. மனம் நிறைந்த வாழ்த்துகள்.

2006இல் சம்பூரே இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் நீ பிறந்தது கிளிவெட்டி முகாமில். மீள்குடியேறி வந்தபோது, கொட்டிலில் நடந்த வகுப்பில் முன்வரிசையில் இருந்து வாய்ப்பாடு சொன்ன சின்னப்பிள்ளையை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இணைந்த கணிதத்துக்கு எட்டு மாதம் ஆசிரியர் இல்லாமல் இருந்தோமே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. நீயோ கடந்தகால வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு பின்னேரம் வரை விறாந்தையில் இருந்தாய். விளங்காத கணக்கைக் குறித்துவைத்து, சனிக்கிழமைகளில் மூதூருக்குப் போய்க் கேட்டு வந்தாய். வந்ததும் தோழிகளுக்கும் சொல்லிக் கொடுத்தாயே, அதற்குத் தனியாக ஒரு வாழ்த்து.

விடிய மூன்று மணிக்குக் கடலுக்குப் போகும் அப்பா, போகுமுன் உன்னைப் படிக்க எழுப்பிவிடுவாராம். அவருக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தை நாங்களே பார்த்து நிரப்பித் தருகிறோம், யோசிக்காதே. சரி, திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு அப்பா அம்மாவோடு வா. பள்ளிக்கூடமே காத்திருக்கிறது.

அன்புடன்,
உன் அதிபர்
சம்பூர், திருகோணமலை