சீட்டை விட்டு நகராமல் ஐந்து நிமிடம்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

0:00
வணக்கம். சாப்பிட்டு வந்து உட்கார்ந்தாயிற்று, மூன்று மணி மீட்டிங்குக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, அதற்குள் இதை முடித்துவிடலாம். பாய் வேண்டாம், உடை மாற்ற வேண்டாம். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வைத்தியம் இல்லை, எந்த வலியையும் போக்கும் என்று நான் சொல்லப்போவதும் இல்லை. கழுத்து, முதுகு, மூட்டில் ஏற்கெனவே தொந்தரவு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சுருக்கென்று வலித்தாலோ மரத்துப்போனாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிடலாம்.

0:50
நாற்காலியில் சக்கரம் இருக்கிறதா? சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். பாதம் இரண்டும் தரையில். ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள், ஒயர் மாட்டும்.

1:05 – கழுத்து
வலது காதை வலது தோள் பக்கம் சாயுங்கள். காதுதான் கீழே போக வேண்டும், தோள் மேலே ஏறக்கூடாது. நிறைய பேர் கையால் தலையைப் பிடித்து இழுப்பார்கள், அது வேண்டாம், தலையே நாலைந்து கிலோ இருக்கும், அந்த எடை போதும். இடது கழுத்தில் லேசாக இழுக்கிறதா? அவ்வளவுதான் வேண்டும். மூச்சைப் பிடிக்காதீர்கள்.

(15 விநாடி, இசை மட்டும்)

மெதுவாக நடுவுக்கு. அடுத்து இடது பக்கம்.

(15 விநாடி)

2:10 – தோள்
மூச்சை இழுத்துக்கொண்டே தோளைக் காது வரை தூக்குங்கள், விடும்போது இறக்குங்கள். ஐந்து முறை, அவசரமில்லாமல்.

2:35 – மணிக்கட்டு
மவுஸ் பிடிக்கும் கையை முன்னால் நீட்டுங்கள், உள்ளங்கை எதிரே இருப்பவருக்கு ‘நில்’ என்று காட்டுவது போல. மற்ற கையால் விரல்களை உங்கள் பக்கம் மெல்லச் சாயுங்கள். இழுப்பு முழங்கைக்குக் கீழே தெரியும், ஏனென்றால் விரலை மடக்கும் பெரிய தசைகள் இருப்பது விரலில் இல்லை, முன்கையில்.

(15 விநாடி)

விரலைக் கீழே தொங்கவிட்டு, புறங்கையை மெல்ல அழுத்துங்கள். பத்து விநாடி. அப்புறம் அடுத்த கையிலும் இரண்டையும் செய்யுங்கள்.

(25 விநாடி)

3:50 – முதுகு
முதுகை நிமிர்த்தி, இடது கையை வலது முழங்கால் மேல் வைத்து வலப்பக்கம் திரும்புங்கள். கைப்பிடியைப் பிடித்து முறுக்கிச் சொடக்கு எடுக்க வேண்டாம், தானாகப் போகிற தூரம் போனால் சரி. பத்து விநாடி இருந்துவிட்டு இடப்பக்கம்.

4:25
எழுந்து நில்லுங்கள், மேசையைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், எட்டு முறை. அப்படியே திரையை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் எதையாவது பாருங்கள்.

4:55
முடிந்தது. எழுந்ததே எழுந்தீர்கள், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து உட்காருங்கள்.