உலகின் ஆறுகளும் மலைத்தொடர்களும்: ஏழாம் வகுப்பு வினாடி வினா

சமூக அறிவியல் மன்றம், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை
நேரம்: 40 நிமிடம் மொத்த மதிப்பெண்: 20

பிள்ளைகளே, இருவர் இருவராக உட்காருங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஓர் அட்லஸ் இருக்கும், அதைத் தாராளமாகப் புரட்டிப் பார்க்கலாம். ஓர் ஆற்றை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து போய்ப் பார்த்தவருக்கு அது மறக்காது. அதனால்தான் புத்தகத்தை மூடச் சொல்லவில்லை. கடைசி வினாவுக்கு மட்டும் அட்லஸ் போதாது, இருவரும் பேசி யோசிக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

வினாக்கள்

1. நைல் ஆறு எந்தத் திசையில் பாய்ந்து, எந்தக் கடலில் கலக்கிறது? (1)
அ) தெற்கு, இந்தியப் பெருங்கடல்
ஆ) வடக்கு, மத்தியதரைக் கடல்
இ) கிழக்கு, செங்கடல்
ஈ) மேற்கு, அட்லாண்டிக் பெருங்கடல்

2. நிலப்பரப்பில் உள்ள மலைத்தொடர்களில் மிக நீளமானது எது? (1)
அ) இமயமலை ஆ) ராக்கி இ) ஆண்டிஸ் ஈ) ஆல்ப்ஸ்

3. நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்கும் பேராறு எது? அது எந்தக் கண்டத்தில் ஓடுகிறது? (2)

4. திபெத்தில் என் பெயர் சாங்போ. அருணாசலப் பிரதேசத்தில் சியாங். வங்கதேசத்தில் ஜமுனா. அசாமில் என்னை எப்படி அழைப்பார்கள்? வங்கதேசத்தில் நான் எந்தப் பேராற்றுடன் சேர்கிறேன்? (2)

5. பொருத்துக. (4)
மலைத்தொடர்: ராக்கி, அட்லஸ், ஆல்ப்ஸ், பெரும் பிரிப்பு மலைத்தொடர்
இடம்: ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி, ஐரோப்பா, வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி, ஆப்பிரிக்காவின் வடமேற்குப் பகுதி

6. ஐரோப்பாவின் மிக நீளமான ஆறு எது? (1)
அ) தேம்ஸ் ஆ) ரைன் இ) டான்யூப் ஈ) வோல்கா

7. வியன்னா, புடாபெஸ்ட், பாரிஸ், பெல்கிரேடு. இந்த நான்கு தலைநகரங்களில் மூன்று ஒரே ஆற்றின் கரையில் உள்ளன. அந்த ஆறு எது? சேராத நகரம் எது? (2)

8. "உலகின் மிகப் பெரிய ஆறு நைல்" என்கிறாள் ஒரு மாணவி. "இல்லை, அமேசான்" என்கிறான் பக்கத்தில் இருக்கும் மாணவன். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எப்படி? (2)

9. யூரல் மலைத்தொடர் எந்த இரண்டு கண்டங்களுக்கு எல்லையாகக் கருதப்படுகிறது? அதன் பெரும்பகுதி எந்த நாட்டில் உள்ளது? (2)

10. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதில் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. கடலில் வாழ்ந்தவை அவ்வளவு உயரத்துக்கு எப்படி வந்தன? மூன்று நான்கு வரிகளில் எழுதுக. (3)

விடைகள்

(தாள்களை மாற்றித் திருத்திய பிறகு, வகுப்பில் சத்தமாகப் படிக்கவும்.)

1. ஆ) வடக்கு, மத்தியதரைக் கடல். வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால், 'நைல் மேல்நோக்கி எப்படி ஏறும்?' என்று பலருக்குத் தோன்றும். காகிதத்தின் மேல்பக்கம் வேறு, நிலத்தின் மேடு வேறு. எத்தியோப்பியாவின் உயர்நிலங்களும் விக்டோரியா ஏரிப் பகுதியும் உயரத்தில் இருக்கின்றன. எகிப்தின் கடற்கரை தாழ்வாக இருக்கிறது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகிறது. எகிப்தின் தென்பகுதியை 'மேல் எகிப்து' என்றே அழைக்கிறார்கள். வரைபடத்தில் அது கீழே இருக்கும்! சூடானின் கார்ட்டூம் நகரில் நீல நைலும் வெள்ளை நைலும் கூடுவதையும் அட்லஸில் தேடிப் பாருங்கள்.

2. இ) ஆண்டிஸ். சுமார் 7,000 கி.மீ. நீளம். வெனிசுலா, கொலம்பியா, ஈக்வடார், பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா என ஏழு நாடுகளில் பரவியிருக்கிறது. இமயமலை என்று எழுதியவர்கள் நீளத்தையும் உயரத்தையும் குழப்பிக்கொண்டிருப்பீர்கள். இமயமலையின் நீளம் சுமார் 2,400 கி.மீ. ஆண்டிஸின் மிக உயர்ந்த சிகரமான அகன்காகுவா 6,961 மீட்டர், எவரெஸ்ட் 8,848.86 மீட்டர்.

3. காங்கோ, ஆப்பிரிக்கா. தெற்கில் தோன்றி, வடக்கே போய்க் கோட்டைத் தாண்டி, வில்லைப் போல வளைந்து, மறுபடி தெற்கே இறங்கி அட்லாண்டிக்கில் கலக்கிறது. கோட்டுக்கு இருபுறமும் மழைக்காலம் வெவ்வேறு மாதங்களில் வரும். அதனால் ஒரு பக்கம் மழை குறைந்தாலும் மறுபக்கத்து நீர் வந்துகொண்டிருக்கும்.

4. பிரம்மபுத்திரா, கங்கை. கங்கைக்கு வங்கதேசத்தில் பத்மா என்று பெயர். 'பத்மா' என்று எழுதியவருக்கும் முழு மதிப்பெண் தரவும். டெல்லி வழியாக ஓடும் யமுனை வேறு, இந்த ஜமுனா வேறு. பெயர் ஒலிப்பு நெருக்கமாக இருப்பதால் இதை ஒருமுறை வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.

5. ராக்கி: வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. அட்லஸ்: ஆப்பிரிக்காவின் வடமேற்குப் பகுதி (மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா). ஆல்ப்ஸ்: ஐரோப்பா. பெரும் பிரிப்பு மலைத்தொடர்: ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி.

6. ஈ) வோல்கா. சுமார் 3,530 கி.மீ. இது காஸ்பியனில் கலக்கிறது. காஸ்பியனைக் கடல் என்று சொன்னாலும் அதைச் சுற்றிலும் நிலம்தான். வோல்காவின் நீர் எந்தப் பெருங்கடலையும் எட்டுவதில்லை.

7. டான்யூப், பாரிஸ். பாரிஸ் இருப்பது சீன் ஆற்றின் கரையில். டான்யூப் ஜெர்மனியில் தொடங்கிப் பத்து நாடுகளைத் தொட்டுக் கருங்கடலுக்குப் போகிறது. ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவும் அதன் கரையில்தான் இருக்கிறது.

8. நீளத்தில் நைல் முதலிடம் என்பது வழக்கமான கணக்கு: சுமார் 6,650 கி.மீ. அமேசான் சுமார் 6,400 கி.மீ. நம் காவிரியின் நீளம் ஏறக்குறைய 800 கி.மீ.; எட்டுக் காவிரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் ஓர் அமேசான். ஆனால் நீரின் அளவில் அமேசானை எந்த ஆறும் நெருங்க முடியாது. உலக ஆறுகள் எல்லாம் கடலில் சேர்க்கும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமேசானுடையது. நைல் பாலைவனத்தின் நடுவே ஓடி வழியெல்லாம் நீரை இழக்கிறது. அமேசானோ மழைக்காட்டில் ஓடி வழியெல்லாம் நீரைச் சேர்க்கிறது. 'நீளம்', 'நீரின் அளவு' என்ற இரண்டையும் பிரித்துச் சொன்னவருக்கு 2 மதிப்பெண்.

9. ஐரோப்பா, ஆசியா, ரஷ்யா. எல்லை எது என்று கேட்டதற்கு 'யூரேசியா' என்று மட்டும் எழுதியிருந்தால் மதிப்பெண் இல்லை. அது இரண்டு கண்டங்களும் சேர்ந்த பெயர்.

10. இந்திய நிலத்தட்டுக்கும் ஆசியாவுக்கும் இடையே முன்பு டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதன் அடியில் மண்ணும் உயிரினங்களின் ஓடுகளும் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாயின. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு யூரேசியத் தட்டில் மோதத் தொடங்கியது. நடுவில் இருந்த பாறை அடுக்குகள் மடிந்து மேலே எழும்பின. ஆக, கடல் மலைமேல் ஏறவில்லை, கடலின் தரைதான் மலையாக உயர்ந்தது. மேசை விரிப்பை இரண்டு கைகளாலும் இருபுறமிருந்து தள்ளி, நடுவில் எழும் மடிப்பைக் காட்டுங்கள். சொல்லால் புரியாத பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

கடல் இருந்தது (1), தட்டுகள் மோதின (1), அடுக்குகள் மடிந்து உயர்ந்தன (1) என்று பிரித்து மதிப்பெண் தரவும். 'டெதிஸ்' என்ற பெயர் தெரியாவிட்டாலும் குறைக்க வேண்டாம். 'பெருவெள்ளம் வந்து அடித்துச் சென்றிருக்கும்' என்று எழுதிய பிள்ளையைத் தவறு என்று உட்கார வைத்துவிடாதீர்கள். வெள்ளம் என்றால் ஓடுகள் மேலே சிதறித்தானே கிடக்கும், பாறைக்கு உள்ளே எப்படிப் பதிந்தன என்று திருப்பிக் கேட்டு, இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள்.